வா, வராதே, அறுபது ஹெர்ட்ஸ்

எங்க அக்காவுக்குக் காது கேக்காது, பொறந்ததுலருந்தே. இதச் சொன்னதும் "அச்சச்சோ"ன்னு முகத்தச் சுருக்கறவங்களக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். டிவி ரிப்பேர்ல அவள அடிச்சுக்க இந்தச் சுத்துவட்டாரத்துல ஆளே கிடையாது. உள்ள உக்காந்து, பூதக்கண்ணாடிக்குக் கீழ, தலைமுடி மாதிரி இருக்கற ஒயர்கள ஒட்டுவா. நான் முன்னாடி கவுன்ட்டர்ல. அவளுக்குக் கை வேல, எனக்கு வாய் வேல.

எங்க கடைல எப்பவும் ஏழெட்டு டிவி ஓடிக்கிட்டே இருக்கும், சத்தமே இல்லாம. சரி பண்ணின டிவிய ஒரு நாளாவது ஓடவிட்டுப் பாக்காம அக்கா குடுக்க மாட்டா. மத்தியானத்துல வெயில் சாய்ஞ்சு ஷட்டர் பாதி இறங்கினதும், சுவரெல்லாம் நீலமும் பச்சையுமா மெதுவா அசையும். தூசி கூட நிறம் மாறி மிதக்கும். அந்த நேரம் கடைக்குள்ள நுழையறவங்க தன்னால குரலத் தாழ்த்திப் பேசுவாங்க, ஏன்னு அவங்களுக்கே தெரியாது. அக்கா அதுக்கு நடுவுல ஒரு மீன் மாதிரி நடந்து போவா.

பழச சரி பண்ணி விக்கறதும் உண்டு. வாங்க வர்றவங்க கேக்கற மொத கேள்வி, "இது எத்தன ஹெர்ட்ஸ்?" அறுபதுன்னதும் மூஞ்சி தொங்கிடும். "பெரிய கடைல நூத்திருபது வச்சிருக்கானே?"

உடனே அக்கா எழுந்து வருவா. இடது கைய மூடி மூடித் திறப்பா. வலது உள்ளங்கைய விரிச்சு, ஒவ்வொண்ணா முன்னாடி கொண்டு வருவா. நான் பக்கத்துல நின்னு வாயால சொல்லுவேன்.

"இடது கை, கதவுன்னு வச்சுக்கங்க. பேனல், அதான் டிவியோட திரை, ஒரு வினாடிக்கு எத்தன தடவ படத்தத் திரும்ப வரையுதோ, அத்தன தடவ கதவு திறக்குது. அதான் ஹெர்ட்ஸ். வலது கை, உள்ள வர்ற ஆளு. வீடியோல வினாடிக்கு எத்தன படம் இருக்கோ அது ஃப்ரேம். ஃபோன்ல எடுத்த வீடியோல பெரும்பாலும் முப்பது படம். அறுபது தடவ கதவு திறந்தா, ஒரே ஆளு ரெண்டு தடவ தலையக் காட்டுவாரு. நூத்திருபது தடவ திறந்தா நாலு தடவ காட்டுவாரு. ஆளு என்னமோ அதே முப்பது பேருதான்."

"சினிமாவுக்கு?"

"அதுல இருபத்தி நாலு. அறுபதுக்குள்ள சரியா வகுபடாது. ஒரு படத்த மூணு தடவ காட்டி, அடுத்தத ரெண்டு தடவ காட்டும். கேமரா மெதுவா நகர்ற காட்சில லேசா ஒரு தயக்கம் தெரியலாம். உத்துப் பாத்தாத்தான். நியூஸ், சீரியல், மேட்ச், எல்லாமே அறுபதுக்குள்ள அடங்கிடும்."

"அப்ப எதுக்கு அவ்ளோ பெரிய நம்பர் போட்டு விக்கறான்?"

"விக்கறதுக்குத்தான்," அப்படின்னுடுவேன். அக்கா என் தோள்ல ஒரு தட்டு தட்டுவா, நியாயமாப் பேசுன்னு. ஏன்னா வேகமான கேம் விளையாடறவங்க இருக்காங்க, அவங்க கம்ப்யூட்டரே வினாடிக்கு நூத்திருபது படம் அனுப்பும். அத்தன ஆளு வந்தா அத்தன தடவ கதவும் திறக்கணும். அந்த மாதிரி பசங்க வந்தா அக்காவே பெரிய கடைக்கு வழி காட்டி அனுப்பிடுவா. பொழைக்கத் தெரியாதவ.

அக்காவுக்கு ஒரே பொண்ணு, குட்டி. குட்டிக்குக் காது நல்லாக் கேக்கும், ஆனா வாய் பேசறதுக்கு முன்னாடியே கை பேசிட்டா. அவங்க ரெண்டு பேரும் பேசறது எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லிக் குடுக்கற சைகை இல்ல, வீட்டுலயே விளைஞ்சது. பாதி எனக்கே புரியாது, அத்தானுக்கு அதுல கால்வாசிதான். குட்டிக்கு வேறொரு ஊர்ல பரிசோதனைக் கூடத்துல வேல கெடைச்சுப் போனா. மத்தியானம் ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் வீடியோல கூப்பிடுவா. நாங்க ஃபோன கேபிள் போட்டு பெரிய டிவியோட மாட்டிடுவோம். அக்கா ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவா. கடையோட அந்த நீல வெளிச்சத்துல ரெண்டு பேர் கையும் நீந்தும். நான் கஸ்டமருக்குப் பதில் சொல்லாம அதையே பாத்துக்கிட்டு நிப்பேன்.

புது ரூமுக்கு மாறினதுலருந்துதான் கெட்டுப்போச்சு. குட்டியோட கை தெளிவா வரல. விரலெல்லாம் புகை மாதிரி இழுத்துக்கிட்டுப் போகும். அக்கா "மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு"ன்னு கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சா. குட்டியும் சலிச்சுப்போய் டைப் பண்ண ஆரம்பிச்சா. "சாப்டியா?" "சாப்டேன்." "சரிம்மா." அக்காவுக்கு எழுத்துங்கறது ரெண்டாவது பாஷை. அந்த மெசேஜ நீட்டி எங்கிட்டக் காட்டி, ஆபீஸ்ல எழுதற மாதிரி எழுதறான்னு சைகை காட்டினா. அவ கண்ணு கலங்கியிருந்தது.

இதுக்கு நடுவுல ஒரு நாள் வீடியோல அக்கா கேட்டா, "நான் உன்னப் பாக்க வரட்டுமா?" குட்டி கையக் காட்டினா. அக்கா அதப் பாத்துட்டு ஸ்டூல விட்டு எழுந்துட்டா. அவங்க பாஷைல "வா"வும் "வராதே"வும் அக்கா தங்கச்சி மாதிரி. ஒரே கை, ஒரே பாதை. வெளியிலருந்து நெஞ்சுக்கு வெடுக்குன்னு இழுத்தா வா. நெஞ்சுலருந்து வெடுக்குன்னு வெளிய தள்ளினா வராதே. குட்டி மூணு நாலு தடவ தள்ளினான்னு அக்கா சொன்னா.

"மெசேஜ்ல ஒரு வார்த்த கேட்டுடேன்டி," அப்படின்னேன்.

வேண்டவே வேண்டாம்னுட்டா. பெத்த தாய வராதேன்னு சொன்னத எழுத்துல வேற வாங்கி வச்சுக்கணுமான்னு கேட்டா. வீம்பு! எங்க குடும்பத்துல அது மட்டும் கொள்ள கொள்ளையா இருக்கு. அதுக்கப்பறம் அவ சரியாச் சாப்பிடல, ஒட்டின ஒயரையே பிரிச்சு ஒட்டிக்கிட்டுக் கெடந்தா.

அத்தான் பேக்கரில வேல பாக்கறாரு. நல்ல மனுஷன், வெகுளி. பொண்டாட்டி இப்படி வாடறதப் பாத்து மனசு தாங்காம, ஒரு மத்தியானம் பெரிய டப்பாவோட வந்து எறங்கினாரு. நூத்திருபது ஹெர்ட்ஸ் டிவி!

"ஏன் அத்தான், உங்களுக்கு மூள கீள இருக்கா? ரிப்பேர்க்காரி புருஷன் பெரிய கடைல போய் டிவி வாங்கினா ஊரு சிரிக்காதா? நான் தெனம் இங்க நின்னு கதவு, ஆளுன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்தறது உங்க காதுல விழவே இல்லையா?"

"விழுந்துச்சும்மா," அத்தான் தலையச் சொறிஞ்சாரு. "ஆனா அது கஸ்டமருக்கு இல்ல? இது குட்டியோட விரல். விரல் வேகமா அசையுதே, டிவியும் வேகமா இருந்தாப் புடிச்சுக்கும்னு நெனச்சேன்."

நானே டப்பாவப் பிரிச்சேன். குட்டி கூப்பிட்டதும் மாட்டிப் பாத்தோம். இன்னும் மோசம். அந்த டிவி ரெண்டு படத்துக்கு நடுவுல தானா ஒரு படத்த யூகிச்சுப் போட்டு நெரப்பற டிவி. குட்டிக்கு ஆறு விரல் மொளைச்சது, மணிக்கட்டு மெழுகு மாதிரி உருகிச்சு. அக்கா ரிமோட்ட வாங்கி அந்த யூகத்த நிறுத்தினா. நிறுத்தினதும் பழைய மங்கலே திரும்பி வந்துது. அறுபதுல எப்படி இருந்ததோ அப்படியே.

அக்கா அந்த டிவிய அணைச்சா. அப்பறம் பழைய அறுபதுல டெஸ்ட் படத்தப் போட்டா. கருப்புத் திரைல ஒரு வெள்ளக் கோடு இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் வழுக்கிக்கிட்டுப் போச்சு, ஒரு சுளிப்பு இல்லாம. இடது கைய மூடித் திறந்து, கதவு மேல தப்பில்லன்னா. வலது கைய நீட்டினா. ஆளுதான் சரியா வரலன்னா.

குட்டி பேசறதையெல்லாம் அக்கா ஃபோன்ல பதிவு பண்ணி வச்சுக்குவா, "வரட்டுமா"ன்னு கேட்ட அன்னிக்குப் பேசினதும் அதுல இருந்தது. வினாடிக்கு வர்ற முப்பது படத்தையும் நகத்தால ஒவ்வொண்ணாத் தள்ளிப் பாத்தா. நானும் எட்டிப் பாத்தேன். ஒரு படம். அப்பறம் அதே படம். மறுபடி அதே. மறுபடியும் அதே. நாலு தடவைக்கு ஒரு தடவதான் குட்டி அசையறா. கை நெஞ்சுகிட்ட இருக்கு, அடுத்து கை வெளிய இருக்கு, அடுத்து நெஞ்சுகிட்ட. நடுவுல எந்தப் பக்கம் வெடுக்குன்னு போச்சுங்கறது அந்தப் படத்துலயே இல்ல. எத்தன ஹெர்ட்ஸ் பேனல் போட்டாலும் இல்லாதத எங்கருந்து கொண்டு வரும்?

அக்கா மெதுவா என் பக்கம் திரும்பினா. ரெண்டுல எதுன்னு தெரியாதுன்னு கையக் காட்டினா. ஆசப்படக்கூட பயந்துட்டா.

ஏன் இவ்ளோ கம்மியா வருதுன்னு நான் கேட்டேன். படத்தோட ஓரத்தத் தொட்டுக் காட்டினா. ஒரே இருட்டு. பொடிப்பொடியா புள்ளி. குட்டி கூடத் தங்கியிருக்கற பொண்ணுக்கு ராத்திரி வேல, பகல்ல தூங்குவா, அதனால திரைச்சீலைய இழுத்து மூடியே வச்சிருப்பாங்க. வெளிச்சம் பத்தலன்னா கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கண்ண ரொம்ப நேரம் தெறந்து வச்சுக்கிட்டு இருக்கும். அதனால அசையறது குழம்பும், வினாடிக்கு எடுக்கற படமும் கொறஞ்சிடும். குட்டியோட மூஞ்சி கூட சரியாத் தெரியல, தெரிஞ்சிருந்தா அதுலயாவது புரிஞ்சிருக்கும். இத்தன நாளா நாங்க கதவையே பாத்துக்கிட்டு இருந்திருக்கோம், பொண்ணு இருட்டுல நின்னிருக்கா.

அக்கா ஃபோன எடுத்து ஒவ்வொரு எழுத்தா அழுத்தினா. "வெளிச்சத்துக்கு வா."

"எதுக்கும்மா?"

"வா."

கொஞ்ச நேரத்துல மணி அடிக்காம திரை மட்டும் பளிச்சுன்னு ஆச்சு. மாடிப்படி ஜன்னலோரமா குட்டி. வெயில் அவ பாதி மூஞ்சில விழுந்திருந்தது. கழுத்துல சின்னதா ஒரு கொசுக்கடி கூடத் தெரிஞ்சுது. அக்கா அந்தப் பழைய அறுபதுக்கு முன்னாடியே ஸ்டூலப் போட்டு உக்காந்தா. அத்தான் என் பின்னாடி வந்து நின்னாரு.

அக்கா கைய எடுத்தா. திரும்பக் கீழ வச்சுக்கிட்டா. மறுபடி எடுத்துக் கேட்டா. "அன்னிக்கு நான் வரட்டுமான்னு கேட்டேனே, நீ என்ன சொன்ன?"

குட்டி மூஞ்சி கோணிக்கிட்டு அழுகைக்குப் போச்சு. ரெண்டு கையையும் வெளிய நீட்டி நெஞ்சுக்கு இழுத்தா. வெடுக்குன்னு. மறுபடி. மறுபடி. ஒரு விரல் விடாமத் தெரிஞ்சுது. வா, வா, வா. அப்பறம் வேகமா என்னமோ சொன்னா, அது எனக்கே புரிஞ்சுது: எத்தன தடவ கூப்பிட்டேன், ஏம்மா வரவே இல்ல?

அத்தான் என் தோளப் புடிச்சுக்கிட்டு விக்கினாரு. "என்ன சொல்றா, என்ன சொல்றா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு வாய் வேல வரல.

அக்கா எழுந்து போய்ச் செருப்ப மாட்டினா.