பென்சில் குறி அழிந்த முட்டைகள்

கெல்வின் ஸ்ட்ரான் தன் நிழலையே இரண்டு முறை எண்ணிப் பார்க்கிற ஆள். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டு, விறகுக் கொட்டகைக்குப் பூட்டு. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினான். பிள்ளைகள் இறங்கிய பிறகு ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்துவான். அந்தப் புத்தியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகளைத் தேடிய அதே கண்ணால்தான் அக்கம்பக்கத்து ஆட்களையும் பார்ப்பான். எனக்குப் பக்கத்து வீடு, நடுவில் வேலிதான். பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

அவனிடம் ஆஸ்திரலார்ப் கோழிகள் உண்டு. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு, வெயிலில் பச்சை மின்னும். இருபத்தாறு வருஷமாக வெளிக் கோழி ஒன்றைக்கூடச் சேர்க்காமல் காத்த வம்சம். சேவல்களுக்குக் கொண்டையின் கடைசி முள் மட்டும் இரட்டையாகப் பிளந்திருக்கும். கண்காட்சி நடுவர்கள் அதைக் குறை என்று மதிப்பெண் குறைப்பார்கள். அப்படியும் என் சேவல்கள் அவனுடையதிடம் ஒன்பது முறை தோற்றிருக்கின்றன. ஒரு சேவல் கொடு என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்பான். அவன் யோசனைக்கும் ஒரு பூட்டு உண்டு.

போன செப்டம்பரில் நரி வந்தது. ஒரே ஒரு சேவல்தான் வைத்திருந்தான், அதையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. சேவல் போனாலும் பெட்டைகள் பத்துப் பன்னிரண்டு நாள் வரை கருவுள்ள முட்டை இடும். அப்படிப் பன்னிரண்டு முட்டை சேர்த்தான். அந்த வம்சத்தில் இனிச் சேவல் என்று ஒன்று வந்தால் அந்தப் பன்னிரண்டுக்குள்ளிருந்துதான் வரவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க அவனுக்குத் துணிவில்லை. ஆறை அவன் சலவை அறையில் இருந்த சின்ன இன்குபேட்டரில் வைத்தான். மீதி ஆறை என்னிடம் கொண்டுவந்தான். என் பட்டுக்கோழி ‘பஞ்சு’ அப்போது அடைக்கு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். கையால் புரட்டுகிறவர்கள் எது புரண்டது என்று தெரிய அப்படிப் போடுவார்கள். ஆனால் அடைக்கோழி தானே அலகால் உருட்டிக்கொள்ளுமே.

“கோழிக்குப் படிக்கத் தெரியாது, கெல்வின்.”

“கோழிக்காகப் போடல.”

அப்போதே எனக்குச் சுருக்கென்றது. சிரித்து வைத்தேன்.

ஏழாம் நாள், கரு பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க டார்ச்சோடு வந்தான். என் கொட்டகையில் சன்னலைச் சாக்கால் மறைத்து இருட்டாக்கினோம். பஞ்சுக்கு அடியில் கைவிட்டு முதல் முட்டையை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். முட்டை வழவழவென்று மின்னியது. குறி இல்லை.

“என் குறி எங்க?”

“ஒரு வாரமா நெஞ்சுச் சூட்டுலயும் இறகு எண்ணெயிலயும் உருண்டிருக்கு. பென்சில் நிக்குமா?”

“ஆறுலயுமா அழியும்?”

“ஆறும் ஒரே கோழிக்கு அடியிலதானே கெடக்கு!”

“உன் பெட்டைங்களும் இதே நெறத்துலதான் முட்டை போடுது, லோர்னா.”

என் காது சூடாகிவிட்டது. “மாத்திட்டேன்னு நேரா சொல்லேன்.”

அவன் டார்ச் மேல் முட்டையை வைத்தான். உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்தி மாதிரி விரிந்திருந்தன, நடுவில் ஒரு புள்ளி துடித்தது. ஐந்து அப்படி. ஆறாவது ஓடு நல்ல அடர் பழுப்பு, அதுதான் முதலில் இட்டுப் பத்து நாள் காத்திருந்த முட்டை, அப்படிக் காத்த முட்டையில் கரு கொஞ்சம் மெதுவாகத்தான் வளரும். டார்ச்சும் மங்க, வெறும் மஞ்சளாகத்தான் தெரிந்தது.

“இது கூமுட்டை. என் சேவல் முட்டை ஒண்ணுகூட கூமுட்டை ஆவாது. இது உன்னோடது, நீயே வெச்சுக்கோ.”

மற்ற ஐந்தையும் கம்பளித் தொப்பிக்குள் சுற்றிக்கொண்டு தன் இன்குபேட்டருக்கே ஓடினான். நான் ஆத்திரத்தில் அந்தக் கூமுட்டையோடு போன முட்டைகளுக்குப் பதிலாக நான்கு கோல்ஃப் பந்துகளையும் பஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அது பாட்டுக்கு உட்கார்ந்தது.

பதினெட்டாம் நாள்வரை இன்குபேட்டரை அவன் சரியாகத்தான் பார்த்துக்கொண்டான். முப்பத்தேழரை டிகிரி, ஒரு நாளைக்கு ஐந்து புரட்டல். ஒற்றைப்படையாகப் புரட்டினால்தான் நீண்ட இரவில் ஒரே பக்கமாகக் கிடக்காது. முதலில் அவன் வைத்திருந்த ஆறிலும் ஒன்று கருக்கூடாமல் எடுத்துப் போட்டிருக்கிறான், அதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. பதினெட்டாம் நாள் புரட்டலை நிறுத்தி, தண்ணீர்ப் பள்ளத்தை நிரப்பி, ஈரத்தை அறுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றி மூடிவிட வேண்டும். பிறகு மூடியைத் தொடக்கூடாது. இது கோழிக் கழகத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கெல்வினுக்கும் தெரியும். ஆனால் பெட்டியோடு வந்த ஈரமானி பொய் சொல்கிறது என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. இன்னொரு ஈரமானி வாங்கி உள்ளே வைத்தான். அதைப் படிக்க மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் ஈரம் ஓடிவிடும், முள் இறங்கியிருக்கும். பார்த்தாயா, பொய்தான் என்று தண்ணீர் ஊற்றுவான், மூடுவான். அரை மணி கழித்து மறுபடி திறப்பான். திறந்த கையோடு முட்டையையும் எண்ணுவான்.

இருபத்தோராம் நாள் காலை வேலியோரம் நின்றான். முகம் செத்திருந்தது.

“லோர்னா. கொஞ்சம் வாயேன்.”

போனேன். பத்தில் ஒன்பது குஞ்சுகள் உள்ளிருந்து ஓட்டைக் குத்தியிருந்தன, ஒரு முட்டை அசையவேயில்லை. குத்தியதில் ஐந்து அப்படியே நின்றுபோயிருந்தன. சவ்வு காய்ந்து தோலாகி, குஞ்சைச் சுற்றி ஒட்டி இறுக்கிக் கொன்றிருந்தது. நான்கு மட்டும் உள்ளிருந்து முனகின. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து உள்ளே விரித்தேன். அவனுடைய இரண்டாவது ஈரமானியை எடுத்து என் பையில் போட்டேன். மூடிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

“உள்ள என்னாச்சுன்னு பாக்கணும்.”

“பாத்துப் பாத்துத்தான் அஞ்சைக் கொன்னிருக்க. உக்காரு.”

உட்கார்ந்தான். அழுதான். சாயங்காலத்துக்குள் நான்கும் வெளியே வந்தன.

வீட்டுக்கு வந்தேன். பஞ்சுவின் இறக்கைக்கு அடியிலிருந்து ஐந்தாவது ஒரு தலை எட்டிப் பார்த்தது. கறுப்புக் குஞ்சு, வெள்ளை வயிறு. அவன் கூமுட்டை என்று விட்டுப்போன முட்டையிலிருந்து வந்தது.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திருடி என்றுதானே பார்த்தான், பார்க்கட்டும் என்றிருந்தது. நாளைக்கு என்று தள்ளினேன். அது எட்டு வாரம் ஆனது. என் குஞ்சின் கொண்டை சிவந்து தடித்தது, கடைசி முள் இரண்டாகப் பிளந்தது. சேவல். அதைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் போய்ப் பார்ப்பேன். ஒன்பது முறை தோற்றவளுக்கு அது எவ்வளவு அழகாக இருந்தது என்று யாருக்குச் சொல்ல? அவன் கண்ணில் படக்கூடாதென்று கூண்டுக்குப் பின்னால் தகரம்கூட வைத்தேன். பூட்டும் போட்டேன்.

ஒரு நாள் வேலியோரம் வந்தான்.

“நாலும் பெட்டை. முடிஞ்சது. அடுத்த வருஷம் உன் சேவலைக் கொஞ்சம் குடு. என் வம்சம் போச்சு, கோழியாவது இருக்கட்டும்.”

கெல்வின் என்னிடம் ஒரு கோழியைக் கேட்டதே கிடையாது. எனக்கு என் பூட்டு ஞாபகம் வந்து உடம்பு கூசியது. உள்ளே போய் அந்தச் சேவலைத் தூக்கிவந்து அவன் கையில் கொடுத்தேன். கொண்டையைப் பார்த்தான். விரலால் அந்த முள்ளைத் தொட்டான்.

“எத்தன முட்டை எடுத்த?”

“ஒண்ணு. நீ வேணாம்னு விட்டுட்டுப் போனது.”

“எட்டு வாரமா சொல்லல.”

“சொல்லல. குடுக்க மனசு வரல.”

சந்தேகப்பட்டது சரிதான் என்று அவன் கத்துவான் என்று நின்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சேவலோடு போய்விட்டான்.

மறுநாள் காலை அவன் கோழிக்கூட்டில் புதுப் பூட்டு தொங்கியது. எனக்காகத்தான் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். தண்ணீர் வைக்க என் பக்கத்து வேலிக்குப் போனபோதுதான் பார்த்தேன், கம்பியில் கயிறு கட்டி அந்தப் பூட்டின் சாவி ஒன்று மாட்டியிருந்தது.