அவர் சொன்னதும் நான் எழுதியதும்

அந்த வருடங்களில் நான் ஒரு தனியார் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்குப் பள்ளி விட்டதும் நேரே மூலக்குளத்து வீட்டுக்குப் போகாமல், ஸ்கூட்டியை டவுன் பக்கம் திருப்புவேன். அங்கே அளவெடுத்துத் தோல் செருப்பு தைத்துத் தரும் கடை ஒன்றில் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. தொண்டை வறண்டிருக்கும். விரல்களில் சாக்பீஸ் தூள் அப்படியே இருக்கும். கடைக்காரரின் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு கட்டுக் காகிதத்தையும் வைப்பார்.

கடைக்கு அப்போதுதான் வெப்சைட் ஆரம்பித்திருந்தார்கள். தமிழில் ஒரு பக்கம், பிரெஞ்சில் ஒரு பக்கம். வாடிக்கையாளர்கள் கல்லா மேசை நோட்டில் எழுதிவிட்டுப் போனதையும், ஈமெயிலில் அனுப்பியதையும் இரண்டு மொழியிலும் போட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் எழுதியதைத் தமிழாக்கவும், தமிழர்கள் எழுதியதைப் பிரெஞ்சாக்கவும் என்னைப் பிடித்திருந்தார்கள். நான் தாளில் எழுதிக் கொடுப்பதைப் பக்கத்துத் தெரு இன்டர்நெட் சென்டரில் ஒருவர் டைப் செய்து ஏற்றிவிடுவார்.

சுலபமான வேலை என்றுதான் ஒப்புக்கொண்டேன். முதல் வாரமே தகராறு வந்தது. ஒரு பிரெஞ்சுக்காரர் 'பா மால்' என்று இரண்டே சொல்லில் எழுதியிருந்தார். நான் 'மோசமில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

கடைக்காரர் தாளை என் முன்னால் தள்ளினார். "டீச்சர், மோசமில்லன்னு போட்டா எவன் வாங்குவான்?"

அவர் சொன்னது ஒருவகையில் சரி. அந்த ஆள் வாயில் அது நல்ல பாராட்டு. நம் ஊரில் ஒருவர் தலையை ஆட்டி "பரவால்லியே!" என்பாரே, அதுதான். ஆனால் அதை யோசித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. 'மிகவும் தரமான செருப்பு, முழுத் திருப்தி அளித்தது' என்று மாற்றி எழுதினேன். அவர் முகம் மலர்ந்தது. அன்றோடு எனக்கு வழி கிடைத்துவிட்டது. யார் என்ன எழுதியிருந்தாலும் முழுத் திருப்தி, மனமார்ந்த நன்றி. முனகினவர், கேலி பண்ணினவர், காலில் கொப்புளம் வந்ததைச் சொல்லிச் சிரித்தவர், எல்லாரும் என் தாளில் ஒரே ஆளாகிப் போனார்கள். ஒரு மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது.

கடைக்காரரின் மனைவி பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஒருநாள் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ஒருத்தரே எழுதினாப்ல இருக்கே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை. இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடந்தார். முப்பது வருடம் மில்லில் வேலை பார்த்தவர். நூல் பெட்டி விழுந்து இரண்டு கால்விரல் கோணிப்போனதில், கடையில் தொங்கும் எந்தச் செருப்பும் அவருக்குச் சேராது. இங்கேதான் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டார். நோட்டில் நாலு வரி எழுதியும் கொடுத்திருந்தார்.

"தம்பி, என் பேர்ல இன்னா எழுதி வச்சிருக்கீங்க?" என்றார் கடைக்காரரிடம். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க சொன்னதத்தான் போட்டிருக்கோம்."

"எங்க பொண்ணு பிரான்ஸ்லேருந்து போன் பண்ணுச்சு. கம்ப்யூட்டர்ல பிரெஞ்சுப் பக்கத்தப் பாத்துதாம். 'அப்பா, நீ எதுக்கு அவுங்ககிட்ட இப்படிக் கெஞ்சற, ஒனக்கு ஒடம்பு சரியில்லயா'ன்னு அழுவுது."

கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். நான் எழுதியது எனக்கு நினைவிருந்தது. 'தங்கள் கருணைக்கு எப்படி நன்றி சொல்வேன், ஐயா. இந்த எளியவனின் கால்களுக்கு உயிர் கொடுத்தீர்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சு. பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது கடைசியில் போடச் சொல்லும் பணிவு வாசகங்களை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன்.

"நான்தான் எழுதினேன், ஐயா" என்றேன்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "மில்லு கேட்டுல எத்தினி நாளு கொடி புடிச்சி நின்னிருக்கேன் தெரியுமாம்மா? மொதலாளிகிட்டயே கூழைக் கும்புடு போட்டதில்ல. செருப்புக்குப் போடுவனா?"

அப்படி எழுதியதற்குக் களைப்பு ஒரு காரணம்தான், ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? கடைக்காரரின் மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நோட்டைத் தேடி எடுத்து, பெரியவர் கையெழுத்தில் இருந்ததை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன்.

'தம்பி, செருப்பு நல்லாத்தான் இருக்கு. வாரு மட்டும் மொதல்ல இறுக்கமா போட்டுட்ட. ரெண்டு நாள்ல அடங்கிடுச்சு. மத்தபடி குறை சொல்றதுக்கில்ல.'

"இதுக்கு மேல நான் யாரையும் பாராட்டினதில்லம்மா" என்றார் பெரியவர்.

அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கடைசி வரிக்கு உடனே சொல் வந்தது. குற்றம் காண ஒன்றுமில்லை என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்களும் 'ரியான் ஆ ரதீர்' என்று அதே வறட்சியோடு சொல்வார்கள். 'தம்பி'தான் மாட்டிக்கொண்டது. சகோதரன் என்று நேராகப் போட்டால் அவருடன் பிறந்தவன் என்று ஆகிவிடும். விட்டுவிட்டாலோ, பெரியவர் சின்னவரிடம் உரிமையோடு பேசுவதே போய்விடும். 'மோன் பெத்தி' என்று போடலாம் என்றார் கடைக்காரரின் மனைவி. வயதானவர்கள் இளையவரைப் பிரியமாகக் கூப்பிடுவது. கடைக்காரரை 'நீங்கள்' என்று மரியாதையாக விளிக்கும் 'வூ'வை அடித்துவிட்டு, 'நீ' என்கிற 'த்யூ'வைப் போட்டேன்.

கடைக்காரருக்கு மனசே இல்லை. "வாரு இறுக்கம்ங்கறத எடுத்துடலாமே, டீச்சர்."

"அத எடுத்துட்டா நல்லாருக்குன்னு சொன்னத எவன் நம்புவான்?" என்றார் பெரியவர்.

கடைக்காரரின் மனைவி சிரித்துவிட்டார். தாள் அப்படியே இன்டர்நெட் சென்டருக்குப் போனது.

ஒரு வாரம் கழித்து, தன் பழைய செருப்பில் வார் தேய்ந்ததைத் தைக்க வந்த பெரியவர், பெண் மறுபடி போன் பண்ணினதாகச் சொன்னார். "படிச்சிட்டு ஒரே சிரிப்பு. 'இப்பதாம்ப்பா ஒன் வாயி'ன்னுது." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அதற்குள் ஏறியிருந்த முப்பத்துச் சொச்சம் கருத்துகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் மறுபடி எழுதித் தருகிறேன் என்று நானே சொன்னேன். கடைக்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டார். பரீட்சைத் தாள் திருத்தும் மாதம் அது. பள்ளியில் ஒரு கட்டு, இங்கே ஒரு கட்டு. மூன்று வாரம் முனகிவிட்டு, பிறகு தன் கால்கள் வாயை மூடிக்கொண்டதாக எழுதியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரிக்கு மட்டும் ஒரு மாலை முழுதும் போனது. முதலில் 'கால்கள் மௌனமாகின' என்று எழுதினேன். யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. கடைசியில், 'மூணு வாரம் புலம்பித் தீர்த்தேன். அப்புறம் என் காலே கம்முனு ஆயிடுச்சு' என்று எழுதினேன். அவள் அப்படித்தான் பேசுவாள் என்று தோன்றியது. நிச்சயமாகத் தெரியாது. பெரியவரின் பெண்ணைப் போலப் படித்துச் சொல்ல அவளுக்கு இங்கே யாருமில்லை.

'பா மால்' ஆளுக்கு 'பரவாயில்லையே!' என்று போட்டேன். கடைக்காரர் அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்துவிட்டு, தாளை மடித்து வைத்தார்.

வேலை எனக்குக் குறையவில்லை, கூடித்தான் போனது. இருபது நிமிடத்தில் முடிந்தது இப்போது ஒன்றரை மணி நேரம் ஆனது. வில்லியனூர் ரோட்டில் பஸ்களுக்கு ஒதுங்கி ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது, முகம் தெரியாத யாரோ ஒருவரின் ஒற்றை வரி வாய்க்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் துரத்தக்கூடத் தெம்பிருக்காது.