நான் போடாத கையெழுத்து

அந்த வேலையைப் பற்றி என் சிநேகிதியிடம் நானே வாய் தவறிச் சொன்னேன். இன்றுவரை என்னைக் குடைவது முதலில் அதுதான். பள்ளி வேன் வரும் வரை தெருமுனையில் நின்றுகொண்டிருந்தோம். என் மகளும் அவள் மகனும் ஒரே வகுப்பு. எங்கள் மாடியும் அவள் வீடும் எதிரெதிரே. ஆஸ்பத்திரியில் எங்கள் மேசையில் இருந்த பெண் கல்யாணமாகி மதுரைக்குப் போகிறாள், இனி இரண்டு பேர் வேலையும் என் தலையில்தான் என்று அலுத்துக்கொண்டேன். அவ்வளவுதான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேரக் குடுடி. டிகிரி முடிச்சுட்டு இம்புட்டு வருசமா சோறும் வெஞ்சனமும் வச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"வீட்ல விடுவாங்களா?"

"வேற எங்கன்னாலும் விடமாட்டாங்க. நீ இருக்கற எடம்னா என் மாமியா ஒண்ணும் சொல்லாது. இப்பவே கேட்டுட்டேன்னு வச்சுக்கயேன்."

அன்று மாலையே அவள் மாமியார் வாசலில் நின்று என்னை மடக்கினார். "ஏத்தா, நீ கூட்டிட்டுப் போயி நீயே கூட்டிட்டு வந்துருவேல்ல? அப்பச் சரி. தெரியாத எடத்துக்கெல்லாம் நான் அனுப்பமாட்டேன்."

ஆக, அவள் வேலைக்குப் போவதும் போகாமலிருப்பதும் என் ஒரு வார்த்தையில் வந்து நின்றது. தலையை ஆட்டினேனா, சும்மா சிரித்தேனா என்று பிறகு பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேசை. நோயாளி சேர்ந்ததும் அட்டையையும் அடையாளச் சான்றையும் வாங்கி, டாக்டர் நிரப்பிய படிவத்தோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்ப வேண்டும். அவர்கள் ஏதாவது சந்தேகம் கேட்பார்கள். டாக்டரைத் தேடிப் பிடித்துப் பதில் வாங்கி அனுப்ப வேண்டும். முதலில் கொஞ்சம் பணத்துக்கு ஒப்புதல் வரும். வீட்டுக்குப் போகும் நாளில் கடைசிப் பில்லையும் டிஸ்சார்ஜ் குறிப்பையும் அனுப்பிவிட்டு மறுபடி காத்திருக்க வேண்டும். காலையில் கிளம்பலாம் என்று டாக்டர் சொன்னவர்கள் சாயங்காலம் வரை பையைக் கட்டிவைத்துக்கொண்டு எங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். பணம் முழுசாக வருமா, எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாது. கம்பெனி சொன்ன பிறகுதான் தெரியும். அதுவரை நாங்கள் சொல்லக்கூடிய ஒரே பதில், "வந்ததும் சொல்றேங்க."

போன வருடம் ஒரு பையன் அந்த மேசையில் பதினைந்து நாள்தான் இருந்தான். கன்னிவாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் வீட்டாரிடம், பாவம் பார்த்து, "கண்டிப்பா வந்துரும், கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டான். வரவில்லை. பெரியவரின் மகன் கம்ப்யூட்டர் திரையைப் பிடித்துக் கீழே தள்ளினான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வந்துவிடும் என்று நம்பி அவர்கள் வேறு எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பது குறைவு. தெரிந்தவர்கள் மூலமாகத்தான். அதற்கென்று ஒரு பக்கப் படிவம் உண்டு. எத்தனை வருடமாகத் தெரியும், என்ன உறவு, இந்த வேலைக்குப் பொருத்தமானவர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள். கீழே சிபாரிசு செய்பவர் கையெழுத்து.

மூன்றாவது கேள்வியில்தான் என் பேனா நின்றது.

அவள் யாரையும் வாடவிடமாட்டாள். தெருவில் யாருக்கு என்ன என்றாலும் முதல் ஆளாகப் போய் நின்று, "ஒண்ணும் ஆகாது, எல்லாஞ் சரியாயிரும்" என்பாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கோர்ட்டுக் கேஸ் ஜெயித்துவிடும் என்பாள், கீழ்வீட்டு அக்காவுக்கு அடுத்த மாதமே விசேஷம் என்பாள். நடக்காவிட்டால் அவர்களோடு சேர்ந்து அழுவாள். எங்கள் மேசையில் ஒரு நாளைக்கு இருபது பேர் அவள் முகத்தைப் பார்த்து, "முழுசா வந்துருமாம்மா?" என்று கேட்பார்கள். இருபது பேரிடமும் அவள் "வந்துரும்" என்றுதான் சொல்வாள். எனக்கு அது தெரியும்.

மூன்று நாள் அவள் கண்ணில் படாமல் திரிந்தேன். வேன் நிற்கும் இடத்துக்கு என் கணவரை அனுப்பினேன். நேரில் சொன்னால் அழுதுவிடுவாள், அவள் அழுதால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று பயம். நான்காம் நாள் மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று வாட்ஸாப்பில் குரல் பதிவு செய்தேன். நான்கு தடவை அழித்து, ஐந்தாவதை அனுப்பினேன். எழுதினால் கடுமையாகத் தெரியும், குரலில் சொன்னால் என் வருத்தம் அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன்.

"தப்பா எடுத்துக்காதடி. இந்த வேலைக்கு உன்னச் சொல்ல எனக்கு மனசு வரல. நீ யாருக்கும் இல்லைன்னு சொல்லமாட்ட. இங்க பாதி நாளு இல்லைன்னுதான் சொல்லணும். ஜனங்க கத்துவாங்க, அசிங்கமாப் பேசுவாங்க. நீ தாங்கமாட்ட. கொழந்தைங்க தடுப்பூசிப் பக்கம் எடம் வந்தா நானே மொத ஆளா உன் பேரக் குடுக்குறேன். சத்தியமா."

இந்த மட்டில் மரியாதையாகச் சொல்லிவிட்டோம் என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அவள் அப்போது கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். கையெல்லாம் மாவு. என் பெயரைப் பார்த்ததும் வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து, "அத்த, அமுக்குங்க, அவதான்" என்று மாமியாரைப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறாள். கூடத்தில் நாத்தனாரும் இருந்திருக்கிறாள். என் வருத்தம் தோய்ந்த குரலை மூன்று பேரும் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் மாலையில் நான் பேருந்திலிருந்து இறங்கி வரும்போது தெரிந்தது. அவள் மாமியார் வாசலில் நின்றிருந்தார்.

"வாத்தா. ஒன் சிநேகிதியே சொல்லிட்டா, இவளுக்கு ஒண்ணும் தாங்காதுன்னு. நான் சொன்னா மட்டும் மருமகளக் கொடுமப்படுத்துறேம்பீக."

"அப்படிச் சொல்லலங்கம்மா. அந்த ஒரு வேலைக்குத்தான்..."

"ஆஸ்பத்திரியில உக்காந்து எழுதுற வேலைக்கே லாயக்கில்லேன்னா வேற எதுக்குப் போவா? சோத்த வடிக்கட்டும்."

அவள் உள்ளேயிருந்து வந்தாள். அழவில்லை. நான் பயந்தது அழுகையைத்தான். இது வேறாக இருந்தது.

"ஏண்டி, என் வீட்டுக்கும் ஒன் வீட்டுக்கும் எத்தன அடி?"

நான் பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"இருபது அடி இருக்குமா? அத நடந்து வந்து சொல்ல ஒனக்குக் காலு இல்ல. ஊரக் கூட்டி ஸ்பீக்கர் போட்டுச் சொல்ற."

"ஸ்பீக்கர் போடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தடுப்பூசிப் பக்கமாம்ல. அங்க என்ன, அழுவுற புள்ளைக்குப் பலூன் ஊதணுமா? அதுக்குத்தான் நான் லாயக்கு."

நாத்தனார் சிரித்தாள். யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அவள் மகன் வேனில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தான். என் மகள், "என்னோட உக்காரக் கூடாதாம். நம்ம வீட்ல பெருமை பிடிச்சவங்களாம்" என்றாள். எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸாப் குழுவில் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று கேட்டேன். எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் பதில் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று என் கணவரே கேட்டார். அவளும் பழகியிருப்பாளோ, நான்தான் அவசரப்பட்டேனோ என்று மேசையில் உட்கார்ந்து தப்புத் தப்பாக எண்களை அடித்தேன்.

பத்து நாள் கழித்து மனிதவள அலுவலர் என்னைக் கூப்பிட்டு ஒரு விண்ணப்பத்தைக் காட்டினார். அவளுடையது. "யாரைத் தெரியும்" என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தாள். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாற்காலியில் மடியில் பையை வைத்து உட்கார்ந்திருந்தாள். போன வருடம் என் மகள் பிறந்தநாளுக்குக் கட்டியிருந்த சேலை. அந்நேரத்தில் அவள் மார்க்கெட்டுக்குப் போவது வழக்கம். வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும்.

"ஒங்க பேரப் போட்டிருக்காங்க. ஒங்க படிவம் வரலையேம்மா?"

"நான் குடுக்கல சார்."

"ஆளு எப்படி?"

"ரொம்ப நல்லவங்க சார்."

"நல்லவங்கன்னா கையெழுத்துப் போட வேண்டியதுதான?"

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "வேற எடத்துக்குன்னா இப்பவே போடுறேன் சார். இன்சூரன்ஸ் மேசைக்கு வேண்டாம். கேட்டவங்களுக்கெல்லாம் வந்துரும்னு சொல்லிருவாங்க" என்றேன். அவர் கீழே விழுந்த திரையை மறந்திருக்கவில்லை. விண்ணப்பத்தை மடித்து ஓரமாக வைத்தார். அவளை உள்ளே கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசி, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

படியிறங்கும் இடத்தில் எனக்காக நின்றிருந்தாள்.

"கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்ன? இப்பவாச்சும் மூஞ்சிக்கு நேராச் சொல்லு."

சொன்னேன். ஒரு வார்த்தையும் மாற்றாமல், அவரிடம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அன்னைக்கு ஒன் மகளுக்குக் காய்ச்சல்ல வெட்டு வந்து இழுத்துச்சே" என்றாள். "ஒன் புருசன் ஊர்ல இல்ல. ஆட்டோவுல என் மடியிலதான் படுத்திருந்தா. ஒதடு நீலமா இருந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நீ என்னக் கேட்டுக்கிட்டே வந்த. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒண்ணும் ஆகாதுல்ல, ஒண்ணும் ஆகாதுல்ல என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

"ஒண்ணும் ஆகாதுன்னேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? பயத்துல எனக்கு உசுரே இல்ல. அன்னைக்கு மட்டும் அது ஒனக்கு வேண்டியிருந்துச்சு."

அவள் படியிறங்கிவிட்டாள். மார்க்கெட் பையை விரித்துக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம் என் மகள் கையில் எங்கள் எவர்சில்வர் டப்பா திரும்பி வந்தது. வேலைப் பேச்சுக்கு முன்னால் கேசரி வைத்துக் கொடுத்துவிட்ட டப்பா. எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே எந்தப் பாத்திரமும் வெறுமனே திரும்பியதில்லை. ஒன்றுமில்லை என்றால் ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பாள். திறந்து பார்த்தேன். கழுவி, துடைத்து, ஈரமில்லாமல் இருந்தது.

அந்த மேசைக்குக் கொடைரோட்டிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். யார் எப்படிக் கேட்டாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வந்ததும் சொல்றேங்க" என்கிறாள். வேலை சுத்தம். நேற்று ஒரு அம்மா, பேரனை மடியில் வைத்துக்கொண்டு, அவளிடம் கேட்டுவிட்டு என்னிடமும் வந்து கேட்டார். "வந்ததும் சொல்றேங்க" என்றேன் நானும். அந்த அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

தடுப்பூசிப் பக்கம் இந்த மாதக் கடைசியில் ஒரு இடம் வருகிறதாம். படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். தெருவைத் தாண்டி இருபது அடி நடந்துபோய் அவளிடம் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை குரல் பதிவு கிடையாது. இரண்டு மாலை அவள் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டு தடவையும் அவள் என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.