பதினொன்று பத்து வரை

கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு பழைய பண்டகசாலையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். கீழே சுக்கு மூட்டைகள்; மேலே நாங்கள் பதினான்கு பேர், காதில் ஹெட்செட், காலடியில் பெடல். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். பெடலை மிதித்தால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். கேட்டதைப் பிழையில்லாமல் டைப் செய்து அனுப்புவதுதான் வேலை.

அந்த ஹாலில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அதனால் எல்லாப் பேச்சும் கம்ப்யூட்டரில் சாட் வழியாகத்தான். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவளிடம்கூட அப்படித்தான் பேசுவோம். மருந்தின் பெயர் புரியவில்லை என்று ஒருத்தி கேட்டால் உடனே பதில் சொல்வது மரியாதை. சாயா வந்ததா, மதியம் மீன் உண்டா என்ற கேள்விகளும் அதே பெட்டியில் வந்து விழும்.

அப்படி ஒரு மீன் கேள்விக்குப் பதில் போட்டுவிட்டுத் திரும்பியபோதுதான் பதினைந்து மில்லிகிராமை ஐம்பது என்று அடித்தேன். சரிபார்ப்பவர் பிடித்துவிட்டார். எங்கள் டீம் லீடர், பாலக்காட்டுத் தமிழர், என்னைத் தனியாக அழைத்தார்.

"மோளே, பயிற்சி முடிய ரெண்டு வாரம்தான் இருக்கு. மருந்துல இன்னொரு தப்பு வந்தா வேலை நிரந்தரமாகாது. பின்னே என்கிட்ட வந்து அழுதிட்டு காரியமில்ல."

நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது, முக்கியமாக என் மேல். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருந்தால் இப்படித்தான் ஆகும். மறுநாள் ஷிஃப்டைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். கஷ்டமான ஃபைல் திறந்தால் ஐம்பது நிமிடம் சாட் கிடையாது. சாட்டின் சத்தத்தை நிறுத்தி, என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி வைத்து, எப்போது திரும்புவேன் என்று எழுதிவிடுவேன். பிறகு பத்து நிமிடம், எல்லோருக்கும் பதில். மூன்று தடவை கேட்டும் புரியாத சொல்லுக்குக் கோடு போட்டு, எத்தனையாவது நிமிடம் என்று குறித்துவிட்டு மேலே போவேன். சரிபார்ப்பவர் கேட்டு நிரப்பிக்கொள்வார்; கோடு தவறில் சேராது. அவசரமென்றால் மேஜையைத் தட்டுங்கள் என்று லீடரிடம் சொல்லிவைத்தேன். அவர் அரைமனதாகத் தலையாட்டினார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்து சீட்டுத் தோழிக்குத்தான் இது பொறுக்கவில்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவள். ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். "பெரிய கலெக்டர்" என்று சாட்டில் எழுதினாள். அதை நான் ஐம்பது நிமிடம் கழித்துத்தான் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் ஒரு இதயநோய் டாக்டரின் ஃபைல் வந்தது. எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர். '11.10 வரை' என்று எழுதிவிட்டு உள்ளே இறங்கினேன். கோடுகள் நான்கு விழுந்தன, மற்றதெல்லாம் சுத்தம். பதினொன்று பத்துக்குச் சாட்டைத் திறந்தால் அவளிடமிருந்து ஏழு செய்திகள். ரத்த அழுத்தம் ஏறிய ஒருவருக்கு டாக்டர் சொன்ன மருந்து ஹைட்ராலசினா, ஹைட்ராக்சிசினா? முதலாவது அழுத்தத்தைக் குறைப்பது. இரண்டாவது அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது. நான் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு இரண்டாவதை அடித்து அனுப்பியிருந்தாள்.

சரிபார்ப்பவர் அதைப் பிடித்துவிட்டார். மருந்தில் முன்பே ஒரு தடவை பிடிபட்டிருந்தாள்; இது அவளுடைய இரண்டாவது தவறு. பயிற்சி முடிந்ததும் என் வேலை நிரந்தரமானது. அவளுக்குப் பயிற்சியை இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள்.

மாடிப்படியில் என்னை மறித்தாள். "கையெட்டுற தூரத்துல இருந்தேன்டீ. ஒரு வார்த்தை சொல்ல முடியலியா?"

"தெரியலேன்னா கோடு போட்டு விட்டிருக்கலாமே" என்றேன்.

சரியான பதில்தான். சொன்ன உடனே நாக்கு கசந்தது. ஆனாலும் மறுநாள் சிவப்புக் குறியை எடுக்கவில்லை. எடுத்தால் இருவரும் சேர்ந்து மூழ்குவோம் என்று உறுதியாக நம்பினேன். இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் எனக்குப் புரியாத ஒரு சொல் வந்தது. அறுவை சிகிச்சைக் கருவி ஒன்றின் பெயர். அவள் அதில் கெட்டிக்காரி. சாட்டை நான் அப்போது மூடியிருக்கவில்லை. கேட்கலாம் என்று போனால் அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு, '12.20 வரை'. மணி பதினொன்றரை. திரும்பிப் பார்த்தேன். ஹெட்செட்டை இரண்டு கையாலும் காதோடு அழுத்தியபடி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஒரு சொல்தானே, தோளைத் தொட்டால் போதுமே என்று கையை நீட்டியும்விட்டேன். பிறகு அந்தக் கையை இழுத்து, ஒரு கோடு போட்டு, நிமிடத்தைக் குறித்துவிட்டுப் பெடலை மிதித்தேன்.