படமும் பட்டமும்

ஒன்றாம் வகுப்பை என்னிடம் கொடுத்த வருஷம், நான் படித்த வரிசையிலேயே பாடம் தொடங்கினேன். முதலில் அ, ஆ, இ, ஈ. பன்னிரண்டும் முடிந்தபின் க, ங, ச. பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது பள்ளிக்கூடம். இரண்டு மாதத்தில் பிள்ளைகள் அந்தப் பன்னிரண்டையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். ஒரு நாள் கரும்பலகையில் 'மரம்' என்று எழுதி, முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமியைப் படிக்கச் சொன்னேன். கண்களை இடுக்கிப் பார்த்தாள்.

"இது நம்ப பாட்டுல இல்லியே டீச்சர்."

அவளைப் பொறுத்தவரை அது பாட்டுதான். பன்னிரண்டு எழுத்து தெரிந்தும், ஈ-யைத் தவிர அவளால் படிக்க முடிந்த சொல் ஒன்றுகூட இல்லை. அ, ஆ எல்லாம் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் மட்டும் வருபவை. அவற்றை வைத்துக்கொண்டு எத்தனை சொல்லைக் கட்டிவிட முடியும்?

தலைமையாசிரியையிடம் கேட்டு வரிசையை மாற்றினேன். ப, ட, ம, ர, கூடவே புள்ளி வைத்த ம். புள்ளி எழுத்தைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் ம் இல்லாமல் மரம் முடியாதே. ஐந்து எழுத்தில் படம், மரம், மடம் கிடைத்தன. அடுத்த வாரம் ட் சேர்ந்ததும் பட்டம், மட்டம்.

துண்டுச் சீட்டில் 'படம்' என்று எழுதி அதே சிறுமியிடம் நீட்டினேன். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சேர்த்தாள்.

"ப... ட... ம்... பட்டம்!"

சுவரில் ஒட்டியிருந்த மயில் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்றேன்.

"அது படம். நீங்க எழுதிக்கீறது பட்டம்."

"நல்லாப் பாரும்மா."

"நீங்கதான டீச்சர் ட-ன்னு சொல்லித் தந்தீங்க?" அவள் குரலில் கோபமே வந்துவிட்டது.

அன்று மாலை கொரட்டூருக்குத் திரும்பும் ரயிலில் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். படம். பட்டம். படம். எதிரில் இருந்த அம்மாள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். வகுப்பில் நான் ட என்று தனியாகச் சொன்னபோது அது டப்பாவின் ட, அழுத்தமான ஒலி. படத்தின் நடுவில் வரும்போது நாக்கு அப்படி அழுத்துவதே இல்லை. ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. இத்தனை வருஷம் தமிழ் பேசியும் என் வாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அவள் தப்பாகப் படிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே சேர்த்திருக்கிறாள்.

மறுநாள் இரண்டு சீட்டுகளையும் ஜோடியாக வைத்தேன். "நடுவுல தனியா வந்தா ட மெதுவாப் பேசும். முன்னாடி புள்ளி வெச்ச ட் நின்னா ரெண்டும் சேர்ந்து அழுத்தும்." பிள்ளைகள் கையைத் தொண்டையில் வைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். "படம்னு சொன்னா வுடாம அதிருது டீச்சர்!" என்றான் ஒருவன். அன்று முழுக்க வகுப்பில் அதே சத்தம்.

அந்த வாரமே அந்தச் சிறுமியின் அம்மா வந்தாள். அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. அரை நாள் லீவு போட்டிருந்தாள்.

"இன்னா டீச்சர், நோட்டைத் தொறந்தா இப்பல்லாம் அ, ஆ-வே காணோம். படம் மடம்னுகினு கீது. பக்கத்து ஊட்டுப் பொண்ணு முழு எழுத்தும் சொல்லுது."

வகுப்பில் இதுவரை ஜோடியாகக் காட்டாத 'மடம்', 'மட்டம்' இரண்டையும் எழுதிச் சிறுமியிடம் கொடுத்தேன். அவள் இரண்டையும் பிசகாமல் படித்தாள். அம்மா சீட்டுகளை வாங்கித் தானும் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை சிரித்துவிட்டாள்.

"ஆமா, வேற வேறயாத்தான் கீது. இத யாருமே எனக்குச் சொல்லலியே."

"அடுத்து துணைக்கால் வருது. அதோட அ-வும் திரும்பி வந்துடும். அம்மான்னு எழுத வேணாமா?"

"எப்பனா வரட்டும், படிச்சா சரி" என்று எழுந்தாள்.

சீட்டில் 'அம்மா' வந்தது, 'ஆட்டம்' வந்தது. கொம்பு முன்னால் நின்று ஒலி பின்னால் வரும் கெ, கே, கை எல்லாவற்றையும் தள்ளியே வைத்திருந்தேன். அதற்கு முன், மழைக்காலத்தில் ஒரு நாள், 'வீடு' சீட்டை எடுத்துவைத்தேன். சிறுமி சேர்த்துப் படித்தாள், டு-வை மெதுவாகவே சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இது ஊடுதான டீச்சர்?"

"ஆமா."

"அப்ப ஊ எங்க?"

சொல்லும்போது ஊடு, எழுதும்போது வீடு, இரண்டும் ஒன்றுதான் என்றேன். அவள் இன்னும் எந்தெந்தச் சொல் இப்படி என்று கேட்டாள். வகுப்பையே கேட்டேன். ஆளுக்கு ஒன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.