ஆட்கள் சாப்பிட்டாச்சா?

தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கிய சவரிமுத்து கங்காணி என்ற பெயரை டிலுக்ஷி முதன்முதலில் கேட்டது அவளைப் பெண் பார்க்க வந்த அன்றுதான். மலையில் அவர் கத்தினால் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கோழி பதறுமாம். அந்த மாமனாருக்கு இப்போது மறதி நோய். குமட்டலை உண்டாக்கிய மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்த பிறகும் அவர் சோற்றைத் தள்ளிவிட்டு, இளைத்துக்கொண்டே போனார்.

"ஒரு வாய் சாப்புடுங்க மாமா."

"ஆளுங்க சாப்பிட்டாங்களா?"

தன் ஆட்கள் பசியோடிருக்க அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முன்னால் கொஞ்சம் கஞ்சியை வைத்துவிட்டு, தன் தட்டோடு எதிரே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.

"மெதுவா தின்னு புள்ள, மலை ஓடிப்போயிடாது!" என்றவர், சின்னக் கிண்ணத்தில் ஆறியிருந்த கஞ்சியைத் தானே எடுத்துக் குடித்தார்.

"நான் குண்டாயிட்டா நீங்கதான் பொறுப்பு, மாமா."

இப்போது சவரிமுத்து ஹட்டன் பக்கத்து லயத்தில் மருமகளோடு உட்கார்ந்து, நாளுக்கு ஐந்தாறு தடவை கொஞ்சங் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார்.