அவள் கைக்குப் போகாத காசோலை

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும் என்று என் மனைவி சொல்வாள். அன்று கல்முனையில் எங்கள் பள்ளிவாசல் ஸகாத் குழுவின் கணக்கு இருந்த வங்கிக்குள் நான் நுழைந்தபோது இரண்டு காதும் பழுத்துத்தான் போயிருக்கும். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

எனக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. ஆறு வருடமாக அந்தக் குழுவின் பொருளாளரும் நான்தான். ஏழைகளுக்குப் போக வேண்டிய ஸகாத் காசை நான் வந்த நாளிலிருந்து யாருக்கும் ரொக்கமாகக் கொடுத்ததில்லை, எல்லாம் காசோலைதான். ஒவ்வொரு காசோலையின் இடது மூலையிலும் இரண்டு கோடு இழுத்து, நடுவில் ‘எக்கவுண்ட் பேயீ ஒன்லி’ என்று முத்திரை குத்துவேன். வாங்குபவரின் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும் என்று அர்த்தம். இதைத் திருடினவன் ஒரு சதம் தின்ன ஏலாது என்று குழுக் கூட்டங்களில் மார் தட்டியிருக்கிறேன். சும்மா இல்லை, நல்லாவே தட்டியிருக்கிறேன்.

அந்த வருடப் பட்டியலில் ஒரு விதவை இருந்தாள். முப்பத்திரண்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் கடலுக்குப் போய் வந்து, கரையில் வலையைப் போட்ட கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன். அரிசி மா அரைக்கும் மெசின் ஒன்று வாங்கித் தாருங்கள் என்று அவள் எழுதிக் கேட்டிருந்தாள். அக்கரைப்பற்றில் ஒரு கடைக்காரர் அவளுக்காக ஒரு மெசினை ஒதுக்கி வைத்திருந்தார். நோன்புக்கு முந்திய வாரங்களில்தான் வீட்டுக்கு வீடு மா அரைப்பார்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் மெசின் சும்மா கிடக்கும், கடைக்காரரும் அதற்குமேல் வைத்திருக்கமாட்டார். இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்குக் காசோலை எழுதினேன், குழுத் தலைவரும் கையெழுத்திட்டார்.

அவள் அப்போது இத்தாவில், புருஷன் மௌத்தான துக்கக் காலத்தில், இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளியின் மேல்மாடியில் காசோலைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, செத்தவனின் தம்பி வந்து நின்றார். மீன் வியாபாரி, இரண்டு கூலர் லொறி ஓடுகிறது. “மதினிக்கு நான் கொண்டு குடுக்கன், காக்கா” என்றார். கொடுத்தேன். வவுச்சர் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே ‘கையில் கொடுக்கப்பட்டது’ என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அவளா உங்களை அனுப்பினாள் என்று கேட்டேனா? இல்லை. மௌத்தானவனின் கூடப்பிறந்த தம்பியிடம் எங்கள் ஊரில் யார் அப்படிக் கேட்பார்கள்?

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து அழைப்பு வந்தது. மெசின் கடைக்காரர் இந்தச் சனிக்கிழமையோடு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம், காசோலை எப்போது வரும் என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தந்து பத்து நாளாச்சே, என்ன விளையாட்டு இது என்று கத்தினேன்.  “எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தரல்ல, ஹாஜியார்” என்றாள். செத்தவனின் தம்பிக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, பிறகு வெட்டினார்.

அதுதான் வங்கிக்குப் பாய்ந்தேன். உதவி முகாமையாளர் ஒரு பெண், எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. கணினியைத் தட்டிப் பார்த்து, காசோலை பாஸாகி ஏழு நாள் என்றாள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டின் படத்தையும் அச்செடுத்து என் முன்னால் வைத்தாள். முன்பக்கத்தில் என் இரண்டு கோடும் என் முத்திரையும் அப்படியே இருந்தன. பின்பக்கத்தில் அந்த விதவையின் பெயர் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. அதன் கீழே இன்னொரு கையெழுத்தில் கொழுந்தனின் பெயரும் கணக்கு இலக்கமும். அதற்குக் கீழே வேறொரு வங்கியின் முத்திரை. விண்ணப்பத்தில் அவள் மூன்று இடத்தில் போட்டது தமிழ்க் கையெழுத்து, நானே பார்த்தது.

மேசையில் தட்டினேன். இத்தனை பெரிய எழுத்தில் குத்தியிருக்கிறேன், கண் தெரியாதா, காசைத் திருப்பி எங்கள் கணக்கில் போடு என்றேன். அந்த வங்கிப் பிள்ளை குரலை உயர்த்தவேயில்லை, அது எனக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது. காசோலையை யாரும் இங்கே கவுண்டரில் கொண்டுவந்து காசு கேட்கவில்லை, இன்னொரு வங்கி மூலம் வந்தது என்றாள். இரண்டு கோடு எங்களுக்குச் சொல்வது, காசை ஆளின் கையில் கொடுக்காதே, ஒரு வங்கிக்கே கொடு என்பதுதான். நாங்கள் வங்கிக்கே கொடுத்தோம். உங்கள் கையெழுத்தும் தலைவரின் கையெழுத்தும் சரி, திகதி சரி, தொகை சரி. அது அங்கே யாருடைய கணக்கில் விழுகிறது என்பதை அங்கே வாங்குகிற வங்கிதான் பார்க்க வேண்டும். கோட்டின்படி, நல்லெண்ணத்தோடு, கவனமாகக் கொடுத்த வங்கியைச் சட்டம் காப்பாற்றும், ஹாஜியார், உங்களால் எங்களைப் பிடிக்க முடியாது என்றாள்.

“அப்ப நான் குத்தின முத்திர ஆருக்கு?” என்றேன்.

“அது அவங்களுக்கு. பேரப் பாக்காம வேற ஆள்ர கணக்குல போட்டாங்க எண்டா அவங்கதான் கவனமில்ல. கவனமில்லாத பேங்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.”

எனக்கு மூச்சு வந்தது. அட, இரை இங்கே இல்லை, அங்கே இருக்கிறது! திரும்பினேன், கதவுவரை போயும் விட்டேன். அப்போது அவள் பின்னால் இருந்து கேட்டாள், செக் அந்தப் பொம்பளையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று.

ஏன் கேட்கிறாய் என்றேன். அதுதான் முக்கியம் என்றாள். அவள் கைக்கு ஒருமுறை போய்ச் சேர்ந்திருந்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் கொடுத்தாயிற்று, குழுவுக்கு இனிப் பொறுப்பு இல்லை. பிறகு அது அவளுடைய காசோலை, அவள்தான் அந்த வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டும். கைக்குப் போகவில்லை என்றால் அது இன்னும் உங்களுடையது, நீங்கள்தான் கேட்க வேண்டும், அவளுக்குக் கொடுக்க வேண்டியதும் அப்படியே நிற்கிறது. சொல்லிவிட்டு அவள் பேனையை மூடினாள். நான் வவுச்சர் புத்தகத்தில் எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. காது குளிர்ந்துபோனது.

இரவே தலைவர் வீட்டில் கூடினோம். தலைவர் கெட்டவர் அல்ல, பள்ளியின் பெயருக்குப் பயந்தவர். புத்தகத்தில் ‘கையில் கொடுக்கப்பட்டது’ என்றுதானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். குடும்பத்துக்குள் நடந்தது, மதினியும் கொழுந்தனும் தீர்த்துக்கொள்ளட்டும். வேறு விதமாகச் சொன்னால் பொருளாளர் ஆள் மாறிக் கொடுத்தார் என்று நாளைக்கு ஊரே கதைக்கும் என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், அந்த வார்த்தை எனக்கு இனித்தது. இனித்த வாயோடு வீட்டுக்குப் போய் விடியவிடியப் புரண்டேன்.

விடிந்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்த விதவையின் வீட்டுக்குப் போனேன். மனைவி உள்ளே போய் உட்கார்ந்தாள், நான் வாசலில் நின்றேன். அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து அவள் கதைத்தாள். கொழுந்தன் நேற்றிரவு வந்தாராம். மௌத்தான நானா எனக்குத் தர இருந்த கடனைத்தான் எடுத்தேன், லொறி லீசிங் தவணைக்குப் போய்விட்டது என்றாராம். மீன் வியாபாரத்தில் வந்த பத்துப் பன்னிரண்டு காசோலையோடு சேர்த்துத் தன் வங்கியில் கொடுத்ததால் கவுண்டரில் ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லையாம். அழுதும் காட்டினாராம். நான் என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் கேட்டேன், வெட்கமில்லாமல்.

“நான் வெளியில வர ஏலாம இருக்கக்குள்ள, என்ட கையில தந்த எண்டு எழுதிட்டீங்களே, ஹாஜியார். அந்தக் கை ஆர்ர கை?”

அவ்வளவுதான் கேட்டாள். அதட்டவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். கடதாசி எடுத்து எழுதினேன். காசோலையை நான் வாங்குபவரிடம் கொடுக்கவில்லை. அவள் அனுப்பாத ஒருவரிடம், கேட்காமல் கொடுத்தேன். வவுச்சரில் எழுதியது பிழை. அது என் பிழை. தலைவருக்குக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் வாசித்தார், பிறகு முனங்கிக்கொண்டே கையெழுத்திட்டார்.

கடிதத்தையும் காசோலைப் படங்களையும் விண்ணப்பத்தின் பிரதியையும் கொண்டு, கொழுந்தனின் கணக்கு இருந்த மற்ற வங்கிக்குப் போனேன். அங்கே மனேஜர் முதலில் சிரித்தார். நீங்களே அவரிடம் கொடுத்துவிட்டு எங்களிடம் வருகிறீர்களா என்றார். கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் கொடுத்தேன், அவர் கணக்கில் போட யார் சொன்னது, பெயரை வாசியுங்கள் என்றேன். வாசித்தார். முத்திரையை வாசியுங்கள் என்றேன். அதையும் வாசித்தார், இந்த முறை மெல்ல. ஒரு பெண்ணின் பெயருக்கு, அவள் கணக்குக்கு மட்டும் என்று எழுதிய காசோலையை மீன் வியாபாரியின் கணக்கில் போடும்போது ஒரு கேள்வியாவது கேட்டீர்களா என்றேன். காசோலைப் படங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் காது எப்படி இருந்ததோ தெரியாது. தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்புகிறேன் என்றார். நான் அக்கரைப்பற்றுக்கு ஓடி, என் கைக்காசில் முற்பணம் கட்டி மெசினைப் பிடித்து வைத்தேன்.

நாளுக்கொரு தரம் அந்த மனேஜருக்கு அடித்தேன். என் சத்தம் கேட்டாலே பெருமூச்சு விடுவார். பதினாறாம் நாள் அவரே அடித்தார். தொகை முழுவதும் குழுவின் கணக்குக்கு வருகிறது, அதை எங்கள் வாடிக்கையாளரிடமிருந்து எடுப்பது எங்கள் பாடு என்றார். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசை அப்படியே விட்டுவிட்டு எழும்பினேன். வாங்க வந்தவர் பயந்துபோனார்.

அந்த விதவைக்குப் புதிய காசோலை எழுதினேன், இரண்டு கோடு இழுத்தேன், முத்திரை குத்தினேன். அப்போதுதான் ஒன்று மண்டையில் உறைத்தது. விண்ணப்பத்தோடு அவளுடைய சேமிப்புப் புத்தகத்தின் பிரதி ஆரம்பத்திலிருந்தே கிடந்தது. முதல் நாளே நானே போய் அவள் கணக்கில் போட்டிருக்கலாம், ஐந்து நிமிட வேலை! என்னை நானே ஏசிக்கொண்டேன், என்ன வார்த்தை என்று எழுதமாட்டேன். இந்த முறையும் அப்படிப் போட்டிருக்கலாம்தான். மனம் வரவில்லை. மனைவியோடு அவள் வாசலுக்கே போனேன்.

இத்தா முடிய இன்னும் ஒன்பது நாள். திரைச்சீலை கொஞ்சம் விலகி, ஒரு கை நீண்டது. காசோலையை அதில் வைத்தேன், வவுச்சர் புத்தகத்தையும் நீட்டினேன். உள்ளே அவள் கையெழுத்துப் போடும் சத்தம்கூடக் கேட்டது. புத்தகம் திரும்பி வந்தது. தமிழ்க் கையெழுத்துக்கு மேலே ஒரு வரியை அவள் வெறுமையாக விட்டிருந்தாள்.

“இப்ப எழுதுங்க, ஹாஜியார்” என்றாள்.

வாசலில் நின்றபடியே ‘கையில் கொடுக்கப்பட்டது’ என்று எழுதினேன்.